இரண்டு பாடம், ஒரே ஸ்டேட்மென்ட்: இணைப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக, இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் இணைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும், விண்ணப்பத்தோடு எழுத வேண்டிய ஸ்டேட்மென்ட் என்ற தன்விளக்கக் கட்டுரையைப் பற்றி என்னிடம் கேட்டவை இவை. எல்லாப் பாடச் சேர்க்கைகளையும் தொட்டால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. அதனால் எடுத்துக்காட்டு முழுவதற்கும் 'வரலாறும் பொருளாதாரமும்' என்ற ஒரே சேர்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

"இரண்டு பாடமும் எனக்கு மிகவும் பிடிக்கும். அதை நன்றாக எழுதினால் போதாதா?"

போதாது. அதைப் படிப்பவர் உடனே, "அப்படியானால் ஒன்றைப் பட்டமாகப் படித்துவிட்டு, மற்றதை ஓய்வு நேரத்தில் வாசிக்கலாமே" என்று நினைப்பார். அந்த நினைப்புக்கு உங்கள் ஸ்டேட்மென்டில் பதில் இருக்க வேண்டும். பிடித்தம் அதற்குப் பதில் ஆகாது. ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு ஆராயப் புகுந்த ஏதோ ஒன்று பாதியில் நின்றுபோனது, மற்றப் பாடம் இல்லாமல் மேலே நகர முடியவில்லை என்று காட்டுவதுதான் பதில்.

இணைப் பட்டத்தில் ஒவ்வொரு பாடத்திலும் நீங்கள் படிக்கும் அளவு தனிப் பட்டத்தைவிடக் குறைவு. வரலாற்று மாணவர் எடுக்கும் சில தாள்கள் உங்களுக்குக் கிடைக்காது. பொருளாதார மாணவர் எடுக்கும் சிலவும் கிடைக்காது. அந்த இழப்பு தெரிந்தும் ஏன் வருகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

"இதை யார் படிப்பார்கள்? ஒருவரா, இருவரா?"

இடத்துக்கு இடம் மாறும். சில பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கை அலுவலகமே பார்த்து முடித்துவிடும். சில இடங்களில் இரண்டு துறைகளும் பார்க்கும். ஆக்ஸ்ஃபோர்டில் இணைப் பட்டத்துக்கான நேர்காணலில் இரண்டு பாடங்களின் ஆசிரியர்களையும் சந்திக்க எதிர்பார்த்துத்தான் போக வேண்டும்.

இருவர் படிப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுங்கள். இருவருக்கும் இரண்டு விதமான ஐயம் இருக்கும். 'இந்தப் பெண் உண்மையில் பொருளாதாரம் படிக்க வருகிறாள், வரலாறு இவளுக்கு ஊறுகாய்' என்று வரலாற்று ஆசிரியர் நினைப்பார். 'கணக்கு வராததால் பாதிப் பொருளாதாரத்தோடு தப்பிக்கப் பார்க்கிறாளோ' என்று பொருளாதார ஆசிரியர் நினைப்பார். இரண்டாவது ஐயத்தைப் பற்றி யாரும் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் அது இருக்கிறது. கணக்கில் நீங்கள் கைவைத்த ஓர் இடத்தையாவது காட்டிவிட்டால் அது அடங்கிவிடும்.

"இரண்டையும் இணைக்கும் பொருளைக் கண்டுபிடியுங்கள் என்கிறார்கள். அதை எங்கே தேடுவது? ஒரு எடுத்துக்காட்டு தாருங்கள்."

தலைப்புகளில் தேடாதீர்கள். 'பொருளாதார வரலாறு', 'காலனியம்', 'உலகமயமாக்கல்' எல்லாம் பெரிய கூரைகள். அவற்றுக்கு அடியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு குறிப்பிட்ட சச்சரவைத் தேடுங்கள். படித்தவர்களே இன்னும் ஒத்துப்போகாத ஒன்றாக இருந்தால் நல்லது.

என்னிடம் வந்த ஒரு மாணவி 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை எடுத்திருந்தாள். இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 1945இல் அறிக்கை தந்த அரசு விசாரணை ஆணையம் ஏறத்தாழ 15 லட்சம் என்றது. பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் பின்னர் ஏறத்தாழ 30 லட்சம் என்று மதிப்பிட்டார். ஆனால் அவளை நிறுத்தியது வேறொரு கணக்கு. அரசு மதிப்பீடுகளை வைத்துக் கூட்டிப் பார்த்தால், 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு தானியம், பஞ்சமே இல்லாத 1941ஐவிட ஏறத்தாழ 13 சதவீதம் அதிகம் என்று சென் காட்டினார். அரிசி கூடுதலாக இருந்த ஆண்டில் மக்கள் பட்டினியால் செத்தது எப்படி?

சென்னின் விடை பொருளாதாரத்தைச் சேர்ந்தது. நாட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதும், ஒருவர் கைக்கு எவ்வளவு அரிசி வரும் என்பதும் இரண்டு வேறு செய்திகள். மீனவர் மீனை விற்றுத்தான் அரிசி வாங்குகிறார். ஒரு கூடை மீனுக்கு முன்பு எட்டுப் படி அரிசி கிடைத்தது என்று சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி விலை நான்கு மடங்கு ஏறி, மீன் விலை ஏறாமல் நின்றால், அதே கூடைக்கு இரண்டு படிதான் கிடைக்கும். சந்தையில் அரிசி குறையவில்லை. அவருக்கு மட்டும் குறைந்துவிட்டது. பஞ்சத்தில் மோசமாக அடிபட்டவர்களில் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் முன்னால் நிற்பதற்கும், நெல்லையே பங்காகப் பெற்ற குத்தகை விவசாயிகள் அந்த அளவுக்கு அடிபடாததற்கும் இது பொருந்துகிறது. கல்கத்தாவில் போர்த் தொழில்களில் வேலை செய்தவர்களுக்குச் சலுகை விலையில் தானியம் ஒதுக்கப்பட்டதும், கிராமத்திலிருந்து வந்தவர்கள் அதே நகரத்தின் தெருக்களில் இறந்ததும் பொருந்துகின்றன.

இந்த இடத்தில் நிறுத்தினால் அது நல்ல பொருளாதார ஸ்டேட்மென்ட். பெரும்பாலானவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள்.

அவள் நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த 13 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனாள். அது விளைச்சல் மதிப்பீடுகளிலிருந்து வந்தது. அந்த மதிப்பீடுகளை எடுத்தவர்கள் வயலில் நெல்லை அளந்து பார்க்கவில்லை. பெரும்பாலும் கண்ணால் பார்த்துச் சொன்ன தோராயம். மற்ற மாகாணங்களில் ஊர்தோறும் நிலவரிக் கணக்கு வைத்திருந்த ஊழியர்கள் இருந்தார்கள். வங்காளத்திலோ ஜமீன்தார்களிடம் வரி நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் அப்படி ஓர் அமைப்பு வளரவில்லை. போதாக்குறைக்கு 1942 அக்டோபரில் மேதினிப்பூர்ப் பக்கம் பெரும்புயல் அடித்தது. அந்தப் பருவத்தில் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோயும் தாக்கியது. அறுவடை உண்மையில் மதிப்பீட்டைவிட மிகக் குறைவு, ஆகவே இது பழைய மாதிரிப் பற்றாக்குறைதான் என்று சென்னின் வாதத்தை மறுப்பவர்கள் உண்டு.

இப்போது பாருங்கள். அந்த எண்ணை நம்பலாமா என்பது வரலாற்றாளரின் கேள்வி: யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது, கூட்டிச் சொல்ல அவருக்குக் காரணம் உண்டா. ஆனால் அந்த எண் எவ்வளவு தவறாக இருந்தால் வாதம் விழும் என்பது பொருளாதாரக்காரரின் கேள்வி. அவள் ஒரு சின்னக் கணக்குப் போட்டாள். 1941ஐ 100 என்று வைத்தால் 1943 என்பது 113. அதை 100க்கு இறக்க, 1943க்கு எழுதப்பட்ட எண்ணில் ஏறத்தாழ 11.5 சதவீதம் மிகை என்றால் போதும். கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பீட்டில் 11.5 சதவீதப் பிழை நடக்கக்கூடியதா? அதற்கு மறுபடியும் ஆவணங்களுக்குத்தான் போக வேண்டும். சரி, அவ்வளவு பிழை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மீனவர் ஏன் குத்தகைக்காரரைவிட அதிகம் அடிபட்டார் என்பதை வெறும் பற்றாக்குறை விளக்குமா? மறுபடியும் பொருளாதாரம்.

ஒரு பாடம் முடிகிற இடத்தில் மற்றது தொடங்கி, அது மீண்டும் முதல் பாடத்துக்கே அனுப்பிவைக்கிறது. இணைப்பு என்று அவர்கள் கேட்பது இந்தப் போக்குவரத்தைத்தான்.

"இதையெல்லாம் எந்தப் பெட்டியில் எழுதுவது? இப்போது மூன்று கேள்விகள் வந்துவிட்டனவே."

2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து ஸ்டேட்மென்ட் மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது: இந்தப் படிப்பு ஏன் வேண்டும், உங்கள் பள்ளிப் படிப்பு அதற்கு எப்படித் தயார்செய்தது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 600 சொற்களிலிருந்து 650 சொற்கள் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பெட்டிகளைக் கண்டதும் இணைப் பட்டக்காரர்களுக்கு ஒரு சபலம் வருகிறது: முதல் பெட்டியில் வரலாறு, இரண்டாவதில் பொருளாதாரம், மூன்றாவதில் இரண்டும். வேண்டாம். முதல் கேள்விக்கான பதிலிலேயே இரண்டும் சேர்ந்து வர வேண்டும், ஏனென்றால் 'இந்தப் படிப்பு' என்று அவர்கள் கேட்பது சேர்க்கையைத்தான். மேலே சொன்ன பஞ்சத்துக் கதைக்கு அவள் முதல் பெட்டியில் 1,700 எழுத்துகளைச் செலவழித்தாள். இரண்டாவதில் கணிதப் பாடம் எங்கே உதவியது, வரலாற்றுப் பாடத்தில் மூலச்சான்றுகளைக் கையாண்டது எங்கே உதவியது என்று 1,400. மூன்றாவதில் மீதி. அந்த மூன்றாவதற்கு நீச்சல் பதக்கத்தைத்தான் முதலில் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிட்டு, மாமாவின் கடையில் இரண்டு ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதிய அனுபவத்தைப் போட்டாள். எழுதிய இருப்பும் அலமாரியில் இருந்த இருப்பும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லையாம். மதிப்பீட்டுப் பிழையைப் பற்றி எழுதும் ஒருத்திக்கு இதைவிட நல்ல அனுபவம் கிடைக்காது.

"முதல் வரைவில் பொதுவாக என்ன தவறு நடக்கிறது? ஒரு பத்தியைக் காட்ட முடியுமா?"

அவளுடைய முதல் வரைவின் தொடக்கம் இது. அவள் அனுமதியோடு தமிழில் தருகிறேன்:

"வரலாறு கடந்த காலத்தைப் புரியவைக்கிறது. பொருளாதாரம் நிகழ்காலத்தைப் புரியவைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உலகத்தை முழுமையாகப் பார்க்க முடியும்."

இதில் எந்தச் சொல்லும் தவறில்லை. ஆனால் 'பொருளாதாரம்' என்ற இடத்தில் 'சமூகவியல்' என்று போட்டுப் படியுங்கள். ஒன்றும் உடையவில்லை. அதுதான் கோளாறு. மேலும் முதல் இரண்டு வாக்கியங்களும் இரண்டு பாடங்களுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டன: உனக்கு நேற்று, எனக்கு இன்று. பங்கு பிரித்த பிறகு 'இரண்டையும் சேர்த்து' என்பது வாய்வார்த்தை.

திருத்திய பத்தி:

"1943இல் வங்காளத்தில் 1941ஐவிடக் கூடுதலாக அரிசி இருந்தது என்று சென் கணக்கிட்டதைப் படித்தபோது அவருடைய விளக்கத்தை முழுதாக ஏற்றுக்கொண்டேன். பிறகு அந்தக் கணக்கு நிற்கும் விளைச்சல் மதிப்பீடுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று தெரிந்தது. ஏறத்தாழ 11.5 சதவீதப் பிழை இருந்தாலே இரண்டு ஆண்டுகளும் சமமாகிவிடும் என்று கண்டேன். அவ்வளவு பிழை நடந்திருக்குமா என்பதை எந்தப் பொருளாதார மாதிரியும் எனக்குச் சொல்லவில்லை; நடந்திருந்தாலும் மீனவர்கள் ஏன் முதலில் விழுந்தார்கள் என்பதை எந்த ஆவணமும் தானாகச் சொல்லவில்லை."

'ஏற்றுக்கொண்டேன், பிறகு தெரிந்தது' என்று அவள் தன் மனமாற்றத்தை மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'எனக்கு ஆர்வம்' என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

"சின்ன வயது நினைவோடு தொடங்கலாமா? பாட்டி பஞ்சத்தைப் பற்றிச் சொன்ன கதை..."

ஒரு வாக்கியம், அதுவும் அடுத்த வாக்கியத்துக்கு வேலை இருந்தால். சென் அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாக நேரில் பார்த்தவர். ஆனாலும் அவருடைய வாதம் நிற்பது அந்த நினைவில் அல்ல, அட்டவணைகளில்.

"இரண்டு பாடத்துக்கும் சரிபாதி இடம் கொடுக்க வேண்டுமா?"

எழுத்துகளை எண்ணிப் பங்கு போட வேண்டாம். ஆனால் பட்டத்தின் பெயரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 'வரலாறும் பொருளாதாரமும்' என்று இரண்டுக்கும் நடுவில் 'உம்' இருந்தால் பொதுவாக இரண்டும் ஏறத்தாழச் சமம். 'வரலாறு, உடன் பொருளாதாரம்' என்ற பொருளில் பெயர் அமைந்திருந்தால் முதலாவது பெரிது, இரண்டாவது துணை. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப் பக்கத்தில் முதல் ஆண்டில் எத்தனை தாள், கடைசி ஆண்டில் எத்தனை தாள் என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சரிபாதியைவிட முக்கியமான ஒன்று உண்டு: பள்ளியில் நீங்கள் படிக்காத பாடத்துக்குச் சான்று கூடுதலாகத் தேவை. அவள் பள்ளியில் பொருளாதாரம் எடுக்கவில்லை. அவளுடைய வரலாற்று மதிப்பெண் விண்ணப்பத்திலேயே பேசும். பொருளாதாரத்துக்குப் பேச அந்த 11.5 சதவீதம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே அதை வெட்டச் சொல்லிவிடாதீர்கள் என்று அவளுடைய பள்ளி ஆசிரியரிடம் நான் சண்டை போட வேண்டியிருந்தது. "ஸ்டேட்மென்டில் எண் எதற்கு" என்பது அவர் கட்சி.

"ஐந்து இடங்களில் மூன்று இணைப் பட்டம், இரண்டு தனிப் பொருளாதாரம். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தானே போகும்?"

ஆம், ஐந்துக்கும் ஒன்றே. நீங்கள் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பது அந்தக் கட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்குத் தெரியாது. ஆனால் பாதி வரலாறு பேசும் ஸ்டேட்மென்டைப் பார்த்ததும் ஒரு தனிப் பொருளாதாரத் துறைக்கு ஊகிக்கத் தெரியாதா?

இங்கே எல்லாருக்கும் பொருந்தும் வழி இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன். இணைப் பட்டம்தான் உண்மையில் வேண்டும் என்றால் ஐந்தையும் அதன் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் ஐந்து இடம் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பெயர்களைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, லண்டன் பொருளியல் பள்ளியான எல்.எஸ்.இ.யில் பொருளாதார வரலாற்றுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மேலே சொன்ன பத்தி அங்கே ஒரு சொல்லும் மாறாமல் பொருந்தும். தனிப் பட்டம் ஒன்றாவது கைவசம் இருக்கட்டும் என்றால், இணைப்பைப் பொருளாதாரக் கேள்வியிலிருந்து தொடங்கும்படி எழுதுங்கள். பொருளாதாரத் துறைக்கு அது 'தன் எண்களின் மூலத்தைச் சோதிக்கத் தெரிந்த மாணவி' என்று படும். வரலாற்றுப் பக்கம் தனிப் பட்டம் போட்டால் இது எடுபடாது. அங்கே மாதிரியும் சதவீதமும் அந்நியமாகத் தெரியும்.

சில பல்கலைக்கழகங்கள் நேரில் எழுதிக் கேட்டால் அந்தப் படிப்புக்கென மாற்று ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொள்வதுண்டு. கேட்பதில் நட்டமில்லை.

"இசையும் இயற்பியலும் மாதிரி, இணைப்பே இல்லாத சேர்க்கை என்றால்?"

இசைக்கும் இயற்பியலுக்கும் இணைப்பு உண்டு. சுருதியைப் பற்றி எழுதிப் பாருங்கள். ஆனால் சில சேர்க்கைகளில், குறிப்பாக ஒரு மொழியும் ஒரு கணிதப் பாடமும் சேரும்போது, இரண்டு துறைகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதே இல்லை. பட்டமே அப்படி இணைகோடுகளாக அமைந்திருந்தால் பொய்யான பாலம் கட்டாதீர்கள். 'மொழியும் ஒரு குறியீட்டு முறை, கணிதமும் ஒரு குறியீட்டு முறை' என்பதை அந்தத் துறையினர் ஆண்டுதோறும் படித்துப் படித்துச் சலித்திருப்பார்கள். இரண்டிலும் தனித்தனியே ஆழமாகச் சென்ற ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, இரண்டையும் விட மனமில்லை என்று நேராகச் சொல்வது மேல்.

"வேலைவாய்ப்பு அதிகம் என்று எழுதலாமா?"

வேண்டாம். அது உங்கள் அப்பாவுக்கான பதில்.

"நேர்காணலில் இதிலிருந்து கேட்பார்களா?"

கேட்பார்கள், நீங்கள் பெருமைப்படும் வரியிலிருந்தே. அவளிடம் முதலில் கேட்டது: "அந்த 13 சதவீதம் மொத்த அளவா, தலைக்கு எவ்வளவு என்பதா?" மொத்த அளவு. 1941க்கும் 1943க்கும் இடையே மக்கள்தொகையும் வளர்ந்திருப்பதால், தலைக்குப் பிரித்தால் இடைவெளி சுருங்கும். அப்படியானால் வாதத்தைச் சாய்க்க 11.5 சதவீதத்தைவிடச் சிறிய பிழையே போதும். அவள் இதை முன்பு யோசித்திருக்கவில்லை. அங்கேயே, காகிதத்தில் 113ஐ எழுதி, அதற்குப் பக்கத்தில் வகுத்தல் கோடு போட்டு, "அப்படியென்றால் என் எண் தவறு, இன்னும் குறைவு" என்றாளாம். வரலாற்று ஆசிரியர் அதோடு விடவில்லை: "மக்கள்தொகை எண் மட்டும் நம்பகமானதா? அதை யார் எடுத்தது?" இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் இதிலேயே போயிற்று.

ஸ்டேட்மென்டில் போடும் எந்த எண்ணுக்கும் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: எதிலிருந்து வந்தது, எதோடு ஒப்பிட்டது, எதை விட்டுவிட்டது. மூன்றாவதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

"அனுப்புவதற்கு முன் நானே எப்படிச் சரிபார்ப்பது?"

அச்செடுத்து இரண்டு வண்ணப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு பேசும் வாக்கியங்களுக்கு ஒரு நிறம், பொருளாதாரத்துக்கு மற்றது. மேலே பாதி ஒரு நிறம், கீழே பாதி மற்ற நிறம் என்று இருந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்டேட்மென்ட். நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு நிறத்து வாக்கியங்களை எல்லாம் கையால் மறைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். மீதி தானாகவே முழுதாக நின்றால், மறைத்த பாடம் தேவைப்படவில்லை என்று பொருள். அவளுடைய கடைசி வரைவில் வரலாற்றை மறைத்தபோது, ஒரு வாக்கியம் "அந்தப் பிழை" என்று தொடங்கியது. எந்தப் பிழை என்பது மறைந்த பகுதியில் இருந்தது. அனுப்பலாம் என்றேன்.